‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்றால் என்ன?

சர்வதேசப் பள்ளி ஒன்றில் அறிவியல் துறையைப் பல வருடம் கவனித்துக்கொண்டேன். ஆசிரியர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் படிப்பது என் பொறுப்பு. நம் ஊர் ஆசிரியர்களின் சுயவிவரத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘என் பாடத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி.’ எழுதியவர் அதற்காக எத்தனை மாலை வகுப்பு எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரியை வைத்து அவரை நேர்முகத்துக்கு அழைக்க என்னால் முடியாது. ஏன் என்று சொல்ல ஒருவரின் சுயவிவரத்தையே எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

அவர் இயற்பியல் ஆசிரியை. ஆறு வருடம் சிபிஎஸ்இ பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ. பிறகு மூன்று வருடம் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ. வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் முன் என்னிடம் காட்ட வந்தார். ரிசல்ட் வரியை நான் சுழித்ததும் முகம் வாடிவிட்டது. “மேடம், நூறு சதவீதம்னா அதுக்கு மேல என்ன சொல்றது?” என்றார்.

ஐஜிசிஎஸ்இ தேர்வில் ஏ ஸ்டார் முதல் ஜி வரை எட்டு கிரேடு உண்டு. நம் போர்டு தேர்வில் இருப்பதுபோல் ‘பாஸ்’ என்று ஒரே கோடு அங்கே கிடையாது. மேல்படிப்புக்குப் பெரும்பாலும் சி அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். ஆக, நூறு சதவீதம் என்பதை எல்லோரும் ஏ வாங்கினார்கள் என்றும் படிக்கலாம், எல்லோரும் ஜி வாங்கினார்கள் என்றும் படிக்கலாம். எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்பதும் அதில் இல்லை.

“போன வருஷம் எத்தனை பேர்?” என்று கேட்டேன். பதினான்கு பேர். அதில் ஆறு பேருக்கு ஏ ஸ்டார் அல்லது ஏ, ஏழு பேருக்கு பி அல்லது சி, ஒருவருக்கு டி. அதற்கு முந்தைய வருடம் பன்னிரண்டு பேர். மூன்று பேருக்கு ஏ அல்லது அதற்கு மேல், ஐந்து பேருக்கு பி, சி. நான்கு பேர் டி, அதற்குக் கீழே. இதை அப்படியே தலை எண்ணிக்கையாக எழுதச் சொன்னேன். பதினான்கு பேர் வகுப்பில் ஒரு பிள்ளை ஏழு சதவீதம். சின்ன வகுப்பைச் சதவீதத்தில் சொன்னால் ஒரே ஒரு மாணவன் கணக்கை ஏற்றி இறக்கிவிடுவான். படிக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

அடுத்த கேள்வி இயல்பாக வரும். இரண்டாவது வருடம் வந்த பிள்ளைகளே கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாமே? இதற்குப் பதில் இல்லாத ரிசல்ட் பாதி ரிசல்ட்தான். அவருடைய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவியல் தேர்வு வைப்பார்கள். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். முதல் அணியின் சராசரி நூற்றுக்கு 58, இரண்டாவது அணிக்கு 57. கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து கிளம்பியவர்கள். அப்படியானால் இடையில் வகுப்பறையில் ஏதோ மாறியிருக்கிறது.

என்ன மாறியது என்பது தாள் வாரி மதிப்பெண்ணில் தெரிந்தது. இயற்பியல் பாடத்திட்டத்தின் எண் 0625. அதில் செய்முறைக்கு மாற்றாக ஆறாம் தாள் என்று ஒன்றைப் பல பள்ளிகள் எடுக்கும். ஒரு மணி நேரம், 40 மதிப்பெண், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சோதனையைச் செய்யாமல் தாளிலேயே அளவு வாசித்து, அட்டவணை போட்டு, வரைபடம் வரைந்து விடை எழுத வேண்டும். முதல் அணியின் சராசரி இதில் 21. இரண்டாவது அணிக்கு 28.

அவர் செய்தது இது. பாதி விடைத்தாள்களில் பிள்ளைகள் வரைபடப் புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கோலம் போடுவதுபோல் கோடு இழுத்திருந்தார்கள். புள்ளிகளின் போக்குக்குப் பொருந்தும் ஒற்றைக் கோடுதான் மதிப்பெண் வாங்கும். சிலர் ஒரு கட்டத்துக்கு மூன்று அலகு என்று அளவு வைத்து, இடைப்பட்ட புள்ளியைக் குறிக்கத் தடுமாறியிருந்தார்கள். சிலருடைய வரைபடம் தாளின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அடுத்த வருடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உண்மையான சோதனை வைத்தார். சுருள்வில்லில் எடை மாட்டி நீட்சியை அளப்பது, வெந்நீர் ஆறுவதை முப்பது நொடிக்கு ஒருமுறை குறிப்பது போன்றவை. அன்றைக்கே வரைபடம் வரைந்து, தேர்வு வாரியத்தின் மதிப்பெண் திட்டத்தை வைத்துப் பிள்ளைகள் ஒருவர் தாளை இன்னொருவர் திருத்துவார்கள். இதெல்லாம் சுயவிவரத்தில் எங்கே என்று கேட்டேன். “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்றார். இதைத்தான் எழுத வேண்டும். என்ன குறை கண்டார், என்ன செய்தார், மதிப்பெண் எங்கிருந்து எங்கே போனது என்று நான்கு வரி போதும்.

பாடத்திட்ட அனுபவத்தை அவர் ‘சிபிஎஸ்இ, ஐஜிசிஎஸ்இ, ஐபி’ என்று ஒரே வரியில் அடுக்கியிருந்தார். ஐபி எங்கே கற்பித்தீர்கள் என்றேன். மூன்று நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போனதாகச் சொன்னார். அது பயிற்சி, அனுபவம் ஆகாது. நேர்முகத்தில், பிள்ளைகளின் தனி ஆய்வறிக்கைக்கு எப்படி மதிப்பெண் போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஐபி டிப்ளமா அறிவியல் பாடங்களில் அந்த அறிக்கைக்கு 20 சதவீதம். பள்ளி ஆசிரியர் திருத்தியதை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்ப்பார். அதைச் செய்யாதவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறிப்போவார். அதனால் ஐபி பட்டறையைப் பயிற்சிகள் என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோனோம். ஐஜிசிஎஸ்இ என்ற இடத்தில் பாடத்திட்ட எண், உயர்நிலைத் தாள்களுக்கான பிரிவு, எந்த வகுப்புகள், இரண்டு அணிகளைத் தேர்வு வரை முழுதாக அழைத்துச் சென்றது, எல்லாம் எழுதினோம். இந்தக் கடைசி விவரத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். பாதிப் பாடத்தில் வந்து சேர்ந்தவரும் ‘மூன்று வருட அனுபவம்’ என்றுதான் எழுதுகிறார்.

சிபிஎஸ்இ வருடங்களை அவர் சுருக்கிவிட நினைத்தார். வேண்டாம் என்றேன். பிளஸ் டூ இயற்பியலை ஆறு வருடம் ஆழமாக எடுத்தவர், மேல்நிலை வகுப்பையும் தாங்குவார் என்ற நம்பிக்கை அங்கேதான் வருகிறது. கற்பித்த பாடங்களில் ஆறு முதல் எட்டு வரையிலான பொது அறிவியலையும் சேர்த்தோம். சிறிய பள்ளிகளில் இயற்பியலுக்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ள முடியாது. உயிரியலும் வேதியியலும் சின்ன வகுப்புக்கு எடுக்கத் தெரிந்தவர் என்றால் அட்டவணை போடுபவருக்குப் பெரிய நிம்மதி.

பிரசவத்துக்காக அவர் எட்டு மாதம் வேலையில் இல்லை. அந்த மாதங்களை வருடக் கணக்கில் மறைத்திருந்தார். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதும் பள்ளிகள் எந்த இடைவெளியையும் விளக்கம் இல்லாமல் விடுவதில்லை. மாதத்தோடு எழுதி, காரணத்தை ஒரு சொல்லில் சொன்னால் போதும். இப்போதைய முதல்வரின் பெயரைப் பரிந்துரைப்பவராகத் தர வேண்டும். அவரிடம் முன்பே சொல்லி, ரிசல்ட் எண்களையும் காட்டிவிடச் சொன்னேன். விசாரிக்கும்போது இருவர் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த டி கிரேடை எடுத்துவிடலாமா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பதினான்கு பேர் என்று எழுதிவிட்டுப் பதின்மூன்று பேருக்குக் கணக்குக் காட்ட முடியாது, இருக்கட்டும் என்றேன்.

நேர்முகம் முடிந்த அன்று மாலை போன் செய்தார். “மேடம், முதல் கேள்வியே அந்தப் பையனைப் பத்திதான்.” ஒன்பதாம் வகுப்பு நடுவில் வேறு போர்டிலிருந்து வந்தவன். கேள்வியில் ‘விவரி’ என்றாலும் ‘விளக்கு’ என்றாலும் ஒரே விடையை எழுதுவான். என்ன நடக்கிறது என்று சொல்வது ஒன்று, ஏன் நடக்கிறது என்று சொல்வது வேறு என்று அவனுக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது. மாதிரித் தேர்வில் எஃப் வாங்கியவன் இறுதியில் டி வாங்கினான். அதைச் சொல்லச் சொல்ல, எதிரில் இருந்தவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாராம்.