இரட்டையர் இருவர், சோற்றுக் கணக்கு இரண்டு

கணக்குக்காக இரண்டு சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பிறவிகள். இருவருக்கும் வயது 40, உயரம் ஐந்தரை அடி, நிறை 62 கிலோ. மூத்தவர் புன்னாலைக்கட்டுவனில் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்கிறார். இளையவர் யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கியில் கதிரையில் இருந்து வேலை செய்கிறார். இருவருடைய நிறையும் கூடாமல் குறையாமல் நிற்க ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்? விடையில் இருவருக்கும் இடையே அரைக் கிலோவுக்கு மேற்பட்ட சோறு கிடக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே இந்தக் கணக்கின் சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

முதலில் சும்மா இருக்கும் உடம்பு. காலையில் கண்விழித்து, எதுவும் உண்ணாமல், அசையாமல் படுத்திருக்கும்போதும் உடம்பு சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. ஈரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகிய நான்கும் சேர்ந்து உடல் நிறையில் ஆறு சதவீதம் அளவுதான் வரும். ஆனால் ஓய்வில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 60 சதவீதம் இவற்றுக்கே போகிறது. மற்ற எல்லாச் செலவும் இந்த ஓய்வுச் செலவின் மேல்தான் ஏறுகிறது. ஆகவே கணக்கை இங்கே தொடங்க வேண்டும்.

ஓய்வுச் செலவைச் சரியாக அளக்க, ஒருவர் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டும். அது எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் பலரை அப்படி அளந்து, அவர்களுடைய நிறை, உயரம், வயதோடு பொருத்திச் சூத்திரங்கள் செய்தார்கள். பழையது அமெரிக்காவில் ஹாரிசும் பெனடிக்டும் 1919இல் வெளியிட்டது. இன்று அதிகம் கையாளப்படுவது 1990இல் மிஃப்ளினும் செயின்ட் ஜியோரும் 498 பேரை அளந்து செய்தது. ஆண்களுக்கு அது இப்படி:

10 × நிறை (கிலோ) + 6.25 × உயரம் (சென்ரிமீற்றர்) − 5 × வயது + 5

பெண்களுக்குக் கடைசி எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்தைக் கூட்டுவதற்குப் பதிலாக 161ஐக் கழிக்க வேண்டும். ஒரே நிறையுள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்தால் பெண்ணின் உடம்பில் பொதுவாகக் கொழுப்பின் பங்கு கூட, தசையின் பங்கு குறைவு. கொழுப்பு ஓய்வில் மிகக் குறைவாகவே செலவழிக்கும்.

எங்களூரில் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும்தான் சொல்வோம். ஐந்தரை அடி என்றால் 66 அங்குலம். அதை 2.54ஆல் பெருக்கினால் 168 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். இனிச் சகோதரர்களின் கணக்கு: நிறைக்கு 620, உயரத்துக்கு 1,050, இரண்டும் சேர்ந்து 1,670. வயதுக்கு 200 கழிந்து, ஐந்து கூடினால் 1,475. இருவருக்கும் ஒரே எண். இருவரும் நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தால் செலவு ஏறத்தாழ இவ்வளவுதான். (பிஸ்கற் பைக்கற்றில் கலோரி என்று அச்சிடுவது உண்மையில் கிலோ கலோரி. இங்கேயும் அதைத்தான் சொல்கிறேன்.)

அமெரிக்கரை அளந்து செய்த சூத்திரம் எங்கள் உடம்புக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 1985இல் எடுத்துக்கொண்ட சூத்திரங்களின் தரவில் கிட்டத்தட்டப் பாதி இத்தாலியர்களுடையது. அவை இந்தியர்களுக்குக் கூடுதலாகக் காட்டுவதைக் கண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைத்தே பயன்படுத்தியது. எங்கள் சகோதரர்களுக்கு அந்த 1985ஆம் ஆண்டுச் சூத்திரம் 1,598 என்கிறது. 5 சதவீதம் குறைத்தால் 1,518. மிஃப்ளின் தந்த 1,475 அதற்கும் கீழே நிற்கிறது. ஆகவே அதிலிருந்து "நாங்கள் ஆசியர்" என்று இன்னொரு 5 சதவீதம் கழிக்கத் தேவையில்லை. ஆனால் எந்தச் சூத்திரமும் தனியொருவருக்குப் பத்து சதவீதம் கூடவோ குறையவோ பிழைக்கலாம். இங்கே அது 150 கலோரி.

அடுத்து வருவதுதான் பெரிய விஷயம். நிறையில் பத்துக் கிலோ மாறினால் ஓய்வுச் செலவு 100 கலோரி மாறும். வயதில் பத்து ஆண்டுகள் போனால் 50 மாறும். உயரத்தை ஓர் அங்குலம் பிழையாகச் சொன்னால் 16தான். ஆனால் உழைப்பின் அளவைப் பிழையாகச் சொன்னால் ஒரே வீச்சில் நானூறு, ஐந்நூறு பிழைக்கும். ஆட்களோ நிறையைக் கிராம் கணக்கில் பார்த்துவிட்டு, உழைப்பு என்று கேட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு "மிதமானது" என்று போட்டுவிடுகிறார்கள்.

இணையக் கணிப்பான்கள் ஓய்வுச் செலவைப் பெருக்க ஐந்து எண்களைத் தருகின்றன: 1.2, 1.375, 1.55, 1.725, 1.9. இவற்றில் எது நமக்கு என்று பெயரை வைத்துத் தெரிவு செய்வதில்தான் சறுக்கல். 1.2 ஏறத்தாழப் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் எண். எழுந்து நடமாடும் எவருக்கும் அது போதாது. 1.55 என்பதோ வாரத்தில் மூன்று நாள் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு மீதி நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு அநேகமாகக் கூடுதல்.

பெயரை விட்டுவிட்டு நாளை எண்ணுவதே மேல். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் அறிக்கை ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் தருகிறது. அந்த வேலை ஓய்வைப் போல எத்தனை மடங்கு என்பதே அந்த எண். உறக்கம் 1. மேசை வேலை 1.5. நடை 3.2. கையால் செய்யும் தோட்ட வேலை 4.1. 24 மணித்தியாலத்தையும் இப்படிப் பிரித்து, கூட்டி, 24ஆல் வகுத்தால் உங்கள் பெருக்கெண் வந்துவிடும்.

இளையவரின் நாள்: எட்டு மணித்தியாலம் உறக்கத்துக்கு 8. எட்டு மணித்தியாலம் வங்கிக் கதிரைக்கு 12. ஒரு மணித்தியால நடைக்கு 3.2. குளிப்பு, உடுப்பு, சாப்பாடு இரண்டு மணித்தியாலத்துக்கு 3.8. மீதி ஐந்து மணித்தியாலம் தொலைக்காட்சியும் கைபேசியும், 1.4 வீதம் 7. கூட்டினால் 34. 24ஆல் வகுத்தால் 1.42. அதை 1,475ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,090 கலோரி.

மூத்தவரின் உறக்கம், நடை, குளிப்பு, சாப்பாடு எல்லாம் அதே கணக்கு, மொத்தம் 15. கொத்தல், நடுகை, களை பிடுங்கல் நான்கு மணித்தியாலத்துக்கு 16.4. நீரிறைக்கும் இயந்திரத்தை முடுக்கிவிட்டு நின்று தண்ணீர் பாய்ச்சும் இரண்டு மணித்தியாலத்துக்கு 2.2 வீதம் 4.4. மீதி ஏழு மணித்தியால ஓய்வுக்கு 9.8. கூட்டுத்தொகை 45.6, பெருக்கெண் 1.9, நாள் தேவை 2,800. இடைவெளி 710 கலோரி. அவித்த சோறு நூறு கிராமில் ஏறத்தாழ 130 கலோரி. அந்தக் கணக்கில் சுமார் 550 கிராம் சோறு. இந்த இயந்திரம் வரமுன்னர் துலா மிதித்து, பட்டையால் இறைத்துத் தண்ணீர் பாய்ச்சிய தலைமுறைக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் கடும் உழைப்பு. அவர்களுடைய எண் 3,000ஐத் தாண்டியிருக்கும். பேரன் இன்று அதே தோட்டத்தில் வேலை செய்தாலும், தாத்தா சாப்பிட்ட அளவைச் சாப்பிட்டால் கொழுக்கத்தான் செய்வார்.

சைக்கிளையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் குடாநாடு முழுக்கச் சைக்கிளில் ஓடியது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டிலும் சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. இளையவர் தொலைக்காட்சி நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் குறைத்து ஆறுதலாகச் சைக்கிள் ஓடினால் 1.4 என்ற எண் 4 ஆகும். நாளுக்குக் கூடுவது 160 கலோரி மட்டுமே. சைக்கிள் ஓடியதற்கு 250 என்று கைபேசிச் செயலி காட்டுமே என்றால், சும்மா இருந்தாலும் அந்த மணித்தியாலத்தில் செலவாகியிருக்கும் பங்கும் அதற்குள் சேர்ந்திருக்கிறது. அதையும் சாப்பாட்டில் ஈடுகட்டினால் இரண்டு முறை எண்ணியதாகும்.

இனி இந்த 2,090ஐ எப்படிச் சரிபார்ப்பது? தராசுதான் வழி. காலையில் மலசலம் கழித்து, எதுவும் குடிக்கமுன் நிறுத்து எழுதுங்கள். தனி நாளின் எண்ணைப் பொருட்படுத்தாமல் ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். கருவாடும் ஊறுகாயும் கூடிய நாளின் மறுநாள் நிறை ஒரு கிலோ ஏறியிருக்கும். அது உப்போடு தங்கிய தண்ணீர். விரதத்தின் முதல் நாட்களில் விழும் நிறையிலும் தண்ணீரே அதிகம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களில் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். சாப்பாடும் நடையும் இரண்டுமே வழக்கம் மாறியிருக்கும்.

இளையவர் நான்கு வாரம் 2,090 கலோரியே சாப்பிட்டார், வாரச் சராசரி ஒவ்வொரு வாரமும் கால் கிலோ குறைந்தது என்று வைப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரி. கால் கிலோ 1,925. ஏழால் வகுத்தால் நாளுக்கு 275. அப்படியானால் அவருடைய உண்மையான தேவை 2,365. நிறை கூடினால் இதேபோல் கழிக்க வேண்டும்.

ஆனால் கூடினால் முதலில் சட்டியைச் சந்தேகியுங்கள். எழுதாமல் போகும் கலோரிதான் இந்தச் சோதனையைக் கெடுக்கும். சொதியில் விட்ட முதற்பால், தாளித்த எண்ணெய், புட்டில் போட்ட தேங்காய்ப்பூ, தேத்தண்ணியின் சீனி எதுவும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரி. சோற்றை நிறுத்துச் சாப்பிட்டு, கறியைக் கண் அளவில் விட்டால் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், தைரொயிட் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தச் சூத்திரம் அல்ல. இன்சுலின் போடுபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டின் அளவை மாற்றக் கூடாது. மற்றவர்கள் நிறை ஐந்து கிலோ மாறும்போதும், வேலை மாறும்போதும் கணக்கை மறுபடி போட வேண்டும். மூத்தவரும் அப்படித்தான்: வெங்காயம் கிண்டிக் கட்டித் தூக்கிய பின், தோட்டம் சும்மா கிடக்கும் மாதத்தில் அவருடைய 2,800 தம்பியின் எண்ணை நோக்கி இறங்கிவிடும்.