ஒவ்வொரு காருக்கும் தனிக் கணக்கு

பழைய கார் வியாபாரி ஒருவரிடம் மூன்று கார்கள். அடக்கவிலை 3 லட்சம், 5 லட்சம், 10 லட்சம். நடுக் காரின் 5 லட்சத்தில், டயர் மாற்றிய 20,000 ரூபாயும் சேர்த்தி. அதை 5,60,000 ரூபாய்க்கு விற்றால் லாபம் 60,000. சராசரி முறையிலோ ஒரு காரின் அடக்கவிலை 6 லட்சம். அதே விற்பனை 40,000 ரூபாய் நஷ்டமாகத் தெரியும். மீதிச் சரக்கின் மதிப்பும் 13 லட்சத்திலிருந்து 12 லட்சமாகக் குறையும்.

ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத பொருள்களுக்குத் தனி அடக்கவிலையே வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 2. சேஸிஸ் எண்வாரியாகப் பதிவு வைத்தால் போதும். பழுதுச் செலவை எந்த வண்டிக்கு என்று குறிக்காமல் பொதுச் செலவில் எழுதும்போதுதான் கணக்கு பிசகுகிறது. அரிசி மூட்டைகளுக்கு இம்முறை ஆகாது: எந்த மூட்டை விற்றது என்று தேர்ந்து சொல்லியே லாபத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அங்கே சராசரிதான் நேர்மையானது.