அணையின் அடியில் நுழையும் தண்ணீர்

1895 ஏப்ரல் 27 அன்று பிரான்சின் பூசே அணையின் மேற்பகுதி அப்படியே பெயர்ந்து விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வடிவமைத்தவர்கள் பக்கவாட்டில் தள்ளும் நீரைக் கணக்கில் எடுத்திருந்தார்கள். கல்லுக்குள் புகுந்து மேல்நோக்கித் தூக்கும் நீரை விட்டுவிட்டார்கள்.

அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பதை ஒரு கற்பனை அணையை வைத்துப் பார்க்கலாம். குறுக்குவெட்டு செங்கோண முக்கோணம். உயரம் 30 மீட்டர், அடி அகலம் 24 மீட்டர், தண்ணீர் உச்சிவரை நிற்கிறது. அதில் ஒரு மீட்டர் நீளத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டின் எடை 864 டன். நீர் தள்ளுவது 450 டன். அது அடியிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் செயல்படுகிறது.

அணை கவிழ்ந்தால் வெளிப்பக்க விளிம்பை ஊன்றித்தான் கவிழும். அந்த விளிம்பிலிருந்து எடையின் மையம் 16 மீட்டர். தாங்கும் திருப்பம் 13,824, கவிழ்க்கும் திருப்பம் 4,500. மூன்று மடங்கு பாதுகாப்பு! இரண்டு விசைகளும் சேர்ந்த தொகுபயன் விசை விளிம்பிலிருந்து 10.8 மீட்டரில் அடியைத் தொடுகிறது. அடியை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கு 8 முதல் 16 மீட்டர் வரை. விசை அதற்குள் விழுந்தால் அடி முழுவதும் அழுத்தத்தில் இருக்கும்; எங்கும் இழுவை இல்லை.

இப்போது அடியில் கசியும் நீரைச் சேர்ப்போம். ஏரிப் பக்கம் முழு அழுத்தம், வெளிப்பக்கம் பூஜ்யம் என்று கொண்டால் 360 டன் மேல்நோக்கித் தூக்கும். கவிழ்க்கும் திருப்பம் 10,260 ஆகிறது. பாதுகாப்பு 1.35தான். 'ஒன்றுக்கு மேல் இருக்கிறதே' என்று ஆறுதல்பட முடியாது. தொகுபயன் விசை 7.1 மீட்டருக்கு நகர்ந்து நடுப்பங்கை விட்டு வெளியேறிவிட்டது. ஏரிப் பக்க அடி இழுபடுகிறது. கான்கிரீட்டும் பாறையும் சேருமிடம் இழுவையைத் தாங்கும் என்று நம்பக்கூடாது, விரிசல் விழும்.

விரிசலுக்குள் நீர் முழு அழுத்தத்தோடு புகும். தூக்கும் விசை கூடும், தொகுபயன் விசை இன்னும் வெளியே போகும், விரிசல் மேலும் நீளும். தொடர்ந்து கணக்கிட்டால் 9.75 மீட்டரில்தான் அது நிற்கிறது. அப்போதும் கவிழ்வுக் கணக்கு 1.14 என்றே காட்டும். ஆனால் அடியில் மிஞ்சும் நிகர எடை 358 டன், பக்கவாட்டுத் தள்ளல் 450 டன். உராய்வை மட்டும் நம்பினால் அணை கவிழ்வதற்கு முன்பே வழுக்கிவிடும்.

தீர்வு, அணையைத் தடிமனாக்குவது மட்டுமல்ல. ஏரிப் பக்கத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு வரிசை வடிகால் துளைகள் போட்டு, அங்கே அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால், தூக்கும் விசை 360-லிருந்து 165 டன்னாகக் குறைகிறது. தொகுபயன் விசை 9.3 மீட்டருக்குத் திரும்பி நடுப்பங்குக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் சிமென்ட்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு அந்தத் துளைகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அணையின் உட்சுரங்கத்தில் வடியும் நீர் குறைந்தால் பொறியாளர்கள் மகிழ்வதில்லை. நீர்மட்டம் மாறாமல் வடிவது மட்டும் குறைந்து, அடியிலுள்ள அழுத்தமானிகளும் ஏறினால், துளைகளை மறுபடி குடைந்து சுத்தம் செய்ய ஆளனுப்புவார்கள்.