பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்

சுகப்பிரசவம், எடை 2.9 கிலோ, பிறந்து 12 நாள். தாய்வீட்டில் இருக்கும் ஒரு பெண் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலத்திலிருந்து இரண்டு வேளை பாலுக்கு எழவில்லை. மார்பில் போட்டால் நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடுகிறது. இரவு 9 மணிக்கு அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்தால் 100.6 டிகிரி. "பால் சேரலைடி. உரைமருந்து கொடுத்துப் படுக்க வை, காலையில பார்த்துக்கலாம்" என்கிறார் பாட்டி.

மூன்று வயதுப் பிள்ளைக்கு 100.6 என்றால் ஓர் இரவு பொறுத்துப் பார்க்கலாம். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அக்குளில் 99.5 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், 100.4 என்றால் யோசிக்கவே இடமில்லை. துணிகளை இறுகச் சுற்றி வைத்திருந்ததால் சூடு ஏறியதோ என்று தோன்றினால், ஒரு சுற்றைக் குறைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். குழந்தை சோர்ந்திருந்தால் அந்தக் கால் மணி நேரம்கூட வேண்டாம்.

காரணம், இந்த வயதில் சாதாரண வைரஸ் காய்ச்சலும் உயிரைப் பறிக்கும் கிருமித்தொற்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். தாயின் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியே சில எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்கு வந்திருக்கும். ஆனால் ஈ.கோலை போன்ற கிருமிகளைத் தடுக்க அவை பெரும்பாலும் போதாது. குழந்தையின் சொந்த வெள்ளணுக்களின் இருப்பும் குறைவு. அதனால் சிறுநீரில் தொடங்கும் தொற்று அங்கேயே நிற்காமல் ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் சில மணி நேரங்களில் பரவிவிடக்கூடும். பெரியவர்களுக்கு மூளைக்காய்ச்சல் என்றால் கழுத்து விறைக்கும். மண்டையோட்டுப் பொருத்துகள் இன்னும் மூடாத சிசுவிடம் அந்த அறிகுறி பெரும்பாலும் இருக்காது. பால் குடிக்காததும் அளவுக்கு மீறித் தூங்குவதும் மட்டுமே தெரியலாம்.

காத்திருப்பதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. தொற்று முற்றும்போது பச்சிளங்குழந்தையின் உடல் சூட்டைத் தக்கவைக்க முடியாமல் குளிர்ந்துபோகலாம். நள்ளிரவில் தொட்டுப் பார்க்கும் பாட்டிக்கு, "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று தோன்றும். உண்மையில் நிலைமை மோசமாகியிருக்கும். காய்ச்சல் சொட்டுமருந்தும் இதே ஏமாற்றத்தைத்தான் தரும்: சூடு இறங்கும், கிருமி அப்படியே இருக்கும். சொட்டுமருந்தின் வீரியம் சிரப்பைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதால், அளவு பிசகினால் ஈரலுக்கும் ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது.

உரைமருந்து இன்னும் சிக்கலானது. வசம்பையும் ஜாதிக்காயையும் உரைக்கும் கல்லும் தண்ணீரும் கிருமி நீங்கியவை அல்ல. அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் சங்கால் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். தேன் தொட்டு வைப்பதும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதை சிசுவின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும்.

நம் 12 நாள் குழந்தையை அன்றிரவே 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் என்ன நடக்கும்? ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரில் சில சொட்டுகள் எடுப்பார்கள். "கால் விளங்காமல் போய்விடுமோ" என்று பல குடும்பங்கள் மறுப்பது இந்த ஊசியைத்தான். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அது போடப்படுகிறது. மூளைக்காய்ச்சல் உண்டா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்வதும் அந்தச் சொட்டுகள்தான். முடிவு வரும்வரை காத்திராமல் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள்.

சிறுநீரிலும் ரத்தத்திலும் ஈ.கோலை வளர்ந்து, தண்டுவட நீர் சுத்தமாக இருந்தால், சுமார் 10 நாள் மருந்தோடு குழந்தை வீடு திரும்பலாம். விடியட்டும் என்று விட்டு, கிருமி மூளையுறைக்குப் போயிருந்தால் மூன்று வார ஊசி. அதன்பிறகும் காது கேளாமை, வலிப்பு போன்றவை தங்கிவிடக்கூடும்.

வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைத்திருங்கள். விழித்துச் சப்பினால் தாய்ப்பால் கொடுங்கள். ஈரத்துணி போட வேண்டாம். அவசரப் பிரிவில் காய்ச்சல் அளவைவிட முதலில் வயதைச் சொல்லுங்கள்: "பிறந்து 12 நாள்தான் ஆகுது, காய்ச்சல் 100.6, சாயங்காலத்திலிருந்து பால் குடிக்கலை." இரண்டு நாளில் எல்லாக் கல்ச்சரும் சுத்தம் என்று வந்து, குழந்தையும் தெளிந்துவிட்டால் ஊசியை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். பல குழந்தைகளுக்கு அப்படித்தான் முடிகிறது. ஆனால் எந்தக் குழந்தைக்கு அப்படி முடியும் என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல மருத்துவராலும் முடியாது.