1899-இல் உதிர்ந்த தூசி, 1999-இல் எரிந்தது

1999 நவம்பர் 18 அதிகாலை கிரீன்விச் நேரப்படி 2 மணி 8 நிமிடத்துக்கு எரிகல் பொழிவு உச்சத்தைத் தொடும் என்று இருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ராபர்ட் மெக்நாட். மற்றவர் வட அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தைச் சேர்ந்த டேவிட் ஆஷர். அந்த இரவில் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிகற்கள் தெரிந்தன. உச்சம் வந்த நேரமும் கணித்த நேரமும் சில நிமிடங்களே வேறுபட்டன. அதே நேரத்தில் சென்னையில் காலை 7.38 ஆகி வெயில் ஏறிவிட்டதால் நமக்கு ஒன்றும் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத தூசியை நிமிடக் கணக்கில் எப்படிக் கணிக்க முடிந்தது? எரிகல் பொழிவு என்றால் என்ன என்பதும் இந்தக் கேள்விக்கான பதிலுக்குள்ளேயே இருக்கிறது.

தூசியின் சொந்தக்காரர் டெம்பல்-டட்டில் என்ற வால்நட்சத்திரம். 1865 டிசம்பரில் வில்ஹெல்ம் டெம்பலும், சில வாரம் கழித்து 1866 ஜனவரியில் ஹொராஸ் டட்டிலும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். சூரியனை ஒரு முறை சுற்றிவர இதற்கு ஏறக்குறைய 33 ஆண்டு ஆகிறது. பெரும்பாலான காலத்தைத் தொலைதூரக் குளிரில் உறைந்த பனியாகவே கழிக்கிறது. சூரியனுக்கு மிக அருகே வரும் இடம் மட்டும் பூமியின் பாதையை ஒட்டியே அமைந்திருக்கிறது. இந்தத் தற்செயல் இல்லாவிட்டால் அதன் தூசிக்கும் நமக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்காது.

சூரியனை நெருங்கும்போது வெயில் படும் பக்கத்தில் பனி உருகித் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிறது. அந்த ஆவி வெளியேறும்போது பனிக்குள் சிக்கியிருந்த துகள்களையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மிக நுண்ணிய பொடியைச் சூரிய ஒளியின் அழுத்தமே வெளியே தள்ளிவிடுகிறது. நாம் வானத்தில் பார்க்கும் அழகான வால் இந்தப் பொடிதான், எரிகல் பொழிவுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. எரிகல்லாகப் போகிறவை மணல் அளவிலிருந்து பட்டாணி அளவு வரையுள்ள கனமான துகள்கள். வால்நட்சத்திரம் நொடிக்கு சுமார் 41 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, இவை அதிலிருந்து நொடிக்கு சில மீட்டர் அல்லது சில பத்து மீட்டர் வேகத்தில்தான் விலகுகின்றன. ஆகவே தாயின் பாதையைவிட்டு அதிகம் போகாமல் கிட்டத்தட்ட அதே பாதையில் சுற்றத் தொடங்குகின்றன.

கிட்டத்தட்ட என்ற அந்தச் சிறு வேறுபாட்டில்தான் மீதிக் கதை இருக்கிறது. வேகம் அணுவளவு கூடிய துகளுக்கும், சூரிய ஒளியால் சற்றே தள்ளப்பட்ட துகளுக்கும் சுற்றுப்பாதை கொஞ்சம் நீண்டுவிடுகிறது. ஒரு சுற்று முடிய 33 ஆண்டுக்குப் பதில் சில மாதமோ ஒன்றிரண்டு ஆண்டோ கூடுதலாகப் பிடிக்கிறது. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் சில துகள்கள் பின்தங்க, ஒன்றாகப் புறப்பட்ட கூட்டம் பாதை நெடுக நீண்டு மெலிந்துபோகிறது. அகலவாக்கில் மட்டும் அது அவ்வளவாகப் பரவுவதில்லை. இழையின் ஒரே பகுதியில் இருக்கும் துகள்கள் எல்லாம் ஒரே காலக்கணக்கில் சுற்றுபவை. வியாழனும் சனியும் அவற்றை ஏறக்குறைய ஒரே விதமாகவே இழுக்கும். இழை வளையும், நகரும், ஆனால் அறுந்து சிதறப் பல சுற்றுகள் ஆகும். பல கோடி கிலோமீட்டர் நீளமுள்ள இழையின் அடர்ந்த பகுதியைப் பூமி குறுக்கே கடக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னேதான் ஆகிறது.

பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இந்தத் தூசி ஏறக்குறைய எதிர்த்திசையில் வருவதால் இரண்டும் சேர்ந்து நொடிக்கு 71 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. அவ்வளவு வேகத்தில் ஒரு மணல் துகள் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள மெல்லிய காற்றில் மோதினாலே போதும், அதன் மேற்பரப்பு பெயர்ந்து ஆவியாகிறது. அந்த ஆவியும் அதைச் சுற்றியுள்ள காற்றும் ஒளிர்வதைத்தான் நட்சத்திரம் விழுகிறது என்கிறோம். எதுவும் தரைக்கு வருவதில்லை. மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிகற்கள் தெரியும் இரவிலும் இழைக்குள் ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் இடையே பல பத்து கிலோமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. நம் கண்ணுக்கு எட்டும் வானப்பரப்பு அவ்வளவு பெரிது என்பதாலும், பூமி மணிக்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி நகர்கிறது என்பதாலும்தான் அது மழையாகத் தெரிகிறது.

1833 நவம்பர் 12-13 இரவில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வானமே கொட்டுவதுபோல எரிகற்கள் பொழிந்தன. உலகம் முடிந்துவிட்டது என்று பயந்தவர்கள் ஏராளம். யேல் கல்லூரியின் டெனிசன் ஓம்ஸ்டட் பல ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பிய விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, எல்லாக் கோடுகளும் சிம்ம ராசியில் ஒரே புள்ளியிலிருந்து விரிவதாகத் தெரிந்தது. நேரான தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றாகச் சேர்வதுபோலத் தெரிவதும் இதுவும் ஒன்றே. இணையாக வரும் துகள்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ அந்தத் திசையில் கோடுகள் சந்திக்கும். எரிகல் காற்றில் உண்டாகும் ஏதோ நெருப்பு என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது விண்வெளியிலிருந்து கூட்டமாக வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்க முடியாது. சிம்மத்தின் லத்தீன் பெயரான லியோவை வைத்தே இந்தப் பொழிவை லியோனிட்ஸ் என்கிறார்கள்.

அதே யேலைச் சேர்ந்த ஹியூபர்ட் நியூட்டன் கி.பி. 902 வரை பின்னோக்கிப் பழைய குறிப்புகளைத் தேடி, பெரும் பொழிவுகள் ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை வருவதைக் கண்டார். அடுத்தது 1866 நவம்பரில் என்றார், அப்படியே வந்தது. மறு ஆண்டிலேயே அந்தத் தூசியின் பாதையும் புதிதாகக் கண்ட டெம்பல்-டட்டிலின் பாதையும் ஒன்றே என்று இத்தாலியின் ஸ்கியாப்பரெல்லியும் வேறு சிலரும் காட்டினார்கள். மர்மம் அவிழ்ந்துவிட்டதாகவே எல்லோருக்கும் தோன்றியது.

33 ஆண்டைக் கூட்டினால் 1899. செய்தித்தாள்கள் முழங்கின, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் குளிரில் விழித்திருந்தார்கள். பொழிவு வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் சனியும் வியாழனும் தூசிக் கூட்டத்தின் முக்கியப் பகுதியைப் பூமியின் பாதையிலிருந்து சுமார் 20 லட்சம் கிலோமீட்டர் நகர்த்திவிட்டதை ஜான்ஸ்டன் ஸ்டோனியும் டௌனிங்கும் முன்னரே கணக்கிட்டு எச்சரித்திருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் குறைவு. வானியல்மீது பொதுமக்களுக்கு இருந்த நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி அது.

33 ஆண்டுக் கணக்கின் பிழை, தூசியை ஒரே கூட்டமாக நினைத்ததில் இருந்தது. வால்நட்சத்திரம் ஒவ்வொரு முறை வரும்போதும் தனி இழை ஒன்றை விட்டுச்செல்கிறது. 1733-க்கு ஓர் இழை, 1767-க்கு ஒன்று, 1800-க்கு ஒன்று, 1833-க்கு ஒன்று என்று அவை அருகருகே, ஆனால் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் கோள்கள் தனித்தனியாக நகர்த்துகின்றன. வால்நட்சத்திரம் வந்த ஆண்டைவிட, அந்த நவம்பரில் பூமி எந்த இழையின் குறுக்கே போகிறது என்பதே முக்கியம். 1833-இல் எரிந்தது முந்தைய வருகையான 1800-இன் தூசி. 1866-இல் எரிந்ததோ 1733-இன் தூசி.

1985-இலேயே கஸானைச் சேர்ந்த கொண்ட்ராத்யேவாவும் ரெஸ்னிகோவும் இப்படிக் கணக்கிட்டிருந்தார்கள். உலகம் கவனிக்கவில்லை. மெக்நாட்டும் ஆஷரும் அதே வழியில் போனார்கள். கற்பனைத் துகள்களை அந்தந்த ஆண்டில் வால்நட்சத்திரத்திலிருந்து புறப்படவிட்டு, கோள்களின் இழுப்பையெல்லாம் சேர்த்து, பூமியின் பாதைத் தளத்தை அவை எங்கே வெட்டுகின்றன என்று கணினியில் பார்த்தார்கள். 1999-இல் பூமி 1899-இன் இழையின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகும் என்று வந்தது. அது நிலவின் தூரத்தில் கால் பங்கு. 1966-இல் இதே இழையின் மையத்தைப் பூமி இன்னும் நெருங்கியிருந்தது. அந்த நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சில நிமிடங்களுக்கு நொடிக்கு 40 எரிகல் வீதம் தெரிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1899-இல் ஏமாந்து வீடு திரும்பியவர்களின் தலைக்கு மேலே எங்கோ உதிர்ந்துகொண்டிருந்த தூசியே இந்த இரண்டு பொழிவுகளையும் தந்தது என்பது எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

கணக்குக்கும் எல்லை உண்டு. 1998-இல் எதிர்பார்த்த நேரத்துக்குச் சுமார் 16 மணி நேரம் முன்பாகவே, கண்ணைப் பறிக்கும் பெரிய தீக்கோளங்கள் வந்துவிட்டன. பிரகாசமே அவை வேறு தூசி என்று காட்டிக்கொடுத்தது. அத்தனையும் கனமான துகள்கள். பின்னர் ஆராய்ந்தபோது அவை 1333-இல் உதிர்ந்தவை என்று தெரிந்தது. வியாழன் 14 முறை சுற்றும் நேரத்தில் இந்தத் துகள்கள் சரியாக 5 முறை சுற்றுகின்றன. அந்தத் தாளத்தில் வியாழனின் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே விதமாக விழுவதால் 600 ஆண்டுக்கு மேலாகியும் அவை சிதறவில்லை. உச்சம் எப்போது என்று சொல்வதைவிட எத்தனை விழும் என்று சொல்வது இன்றும் கடினம். வால்நட்சத்திரம் அந்த ஆண்டில் எவ்வளவு தூசி விட்டது என்பதை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை.

சாதாரண ஆண்டுகளில் லியோனிட்ஸ் நவம்பர் 17, 18-ஐ ஒட்டி மணிக்கு 10, 15 எரிகற்களோடு நின்றுவிடும். பல நூற்றாண்டுகளில் இழைகள் சிதறிக் கலந்த பழைய தூசி அது. தமிழ்நாட்டில் நள்ளிரவுக்குப் பிறகே சிம்மம் கிழக்கில் எழும், விடியலுக்கு முந்தைய மூன்று மணி நேரமே நல்ல நேரம். ஒரு கோடு தெரிந்தால் அதை மனதுக்குள் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். மகம் நட்சத்திரத்துக்குச் சற்று மேலே, அரிவாள்போல வளைந்திருக்கும் சிம்மத்தின் தலைப்பகுதிக்குப் போனால் அது டெம்பல்-டட்டிலின் தூசி. வேறெங்கோ போனால் அன்றிரவு வழிதவறி வந்த வேறொரு துகள். சிம்மத்துக்கு அருகில் தெரியும் கோடுகள் குட்டையாகவும், தள்ளித் தெரிபவை நீளமாகவும் இருப்பதையும் கவனிக்கலாம்.

டெம்பல்-டட்டில் மறுபடி 2031-இல் வருகிறது. அந்த ஆண்டுகளில் பூமி அடர்ந்த இழை எதனுள்ளும் நேராக நுழையாது என்பதால் 1966 போன்ற பொழிவை எதிர்பார்க்க வேண்டாம் என்கிறது கணக்கு. அப்போது உதிரும் துகள்கள் முதல் சுற்றை முடிக்க 2060-களின் நடுப்பகுதி ஆகிவிடும்.