மாத்திரையை விட முடியாமல் போய்விடுமோ?

"இதைப் போட்டுப் பழகிட்டா, அப்புறம் இது இல்லாம முடியாமப் போயிடுங்களா டாக்டர்?" விறைப்புக் குறைவுக்கு மாத்திரை எழுதி வாங்கும் ஆண்கள், சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவருகே போன பிறகு திரும்பிக் கேட்கும் கேள்வி இது. கேட்கத் துணிந்தவருக்குப் பதில் கிடைத்துவிடும். கேட்காமல் வீட்டுக்குப் போகிறவர்தான் மாதக்கணக்கில் உள்ளுக்குள் புழுங்குகிறார்.

இந்த மாத்திரைகளுக்கு உடல் அடிமையாவதில்லை. காரணம், அவை வேலை செய்யும் விதம். ஆசை எழும்போது நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு வெளிப்படுகிறது. அதைத் தொடர்ந்து உருவாகும் ஒரு வேதிப்பொருள் ஆணுறுப்பின் ரத்தக்குழாய்களைத் தளர்த்த, ரத்தம் உள்ளே பாய்ந்து தங்குகிறது. இன்னொரு பக்கம், பி.டி.இ.5 என்ற நொதி அந்த வேதிப்பொருளைச் சிதைத்து உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சில்டெனாஃபில், டடாலஃபில் இரண்டும் இந்த நொதியைச் சில மணி நேரம் தடுத்து நிறுத்துகின்றன, அவ்வளவுதான். ஆசையை அவை உண்டாக்குவதில்லை. மனதில் கிளர்ச்சியே இல்லாவிட்டால் மாத்திரை போட்டும் எதுவும் நடக்காது. சில்டெனாஃபிலின் அளவு ரத்தத்தில் சுமார் 4 மணி நேரத்தில் பாதியாகிறது. டடாலஃபிலுக்கு அது 17 மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் அதன் பலன் ஒன்றரை நாள் வரை நிற்கிறது. மருந்து வெளியேறியதும் நொதி வழக்கம்போல் தன் வேலையைத் தொடரும். நிறுத்தினால் கை நடுக்கமோ வேறு அவதியோ வராது. முன்பிருந்ததைவிட நிலைமை மோசமாகவும் செய்யாது.

அப்படியென்றால் ஏன் பலரால் விட முடிவதில்லை? மனம் வெற்றியை யார் கணக்கில் எழுதுகிறது என்பதைப் பொறுத்தது அது. மாத்திரை போட்ட இரவு நன்றாக அமைந்தால் பெயர் மாத்திரைக்குப் போகிறது. போடாத இரவு சறுக்கினால் பழி தன் உடல் மேல் விழுகிறது. இந்தக் கணக்கு ஆறு மாதம் ஓடினால், உடல் முழுக்கத் தேறியிருந்தாலும் அதை அந்த மனிதர் நம்பமாட்டார்.

பல ஆண்கள் சொல்லும் அனுபவங்களைக் கோத்து ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 34, புதிதாகக் கல்யாணமானவர். முதல் மாதத்தில் இரண்டு இரவு விறைப்பு பாதியில் தளர்ந்துவிட்டது. மூன்றாம் முறை அறைக்குள் போகும்போதே நெஞ்சு படபடக்கிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதால் அன்றைக்கும் நடக்கவில்லை. ஆனால் அதிகாலை விறைப்பு அவருக்கு வழக்கம்போல் இருந்தது. ரத்தக்குழாயும் நரம்பும் பழுதில்லாமல் இருக்கின்றன என்பதற்கு இது நல்ல அடையாளம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் சரியாக இருந்ததால், டாக்டர் சில்டெனாஃபில் 50 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். பிரியாணி போன்ற கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலன் தாமதமாகும்.

மாத்திரை கைகொடுத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மாமியார் வீட்டுக்கு இரண்டு நாள் போவதென்றாலும் துணிமணிக்கு முன்னால் மாத்திரை அட்டை பைக்குள் போகிறது. மனைவிக்குத் தெரியாமல் குளியலறையில் விழுங்குகிறார்.

இவர் ஒரே நாளில் மாத்திரையைத் தூக்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. உடலுக்குக் கேடு வராது. ஆனால் அந்த முதல் இரவு ஒரு பரீட்சையாகிவிடும். படபடப்பில் தோற்றால் பயம் இரட்டிப்பாகத் திரும்பும். டாக்டரிடம் சொல்லி 25 மில்லிகிராம் மாத்திரைக்கு மாறுவது நல்லது. குறைந்த அளவில் நாலைந்து முறை நன்றாக அமைந்தால், பாதி வேலையைத் தன் உடல் செய்ததை அவரே பார்க்கிறார். அடுத்து, மாத்திரை அலமாரியிலேயே இருக்கட்டும். உடம்பு அசந்திருக்கும் ராத்திரியை விட்டுவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போடாமல் இருந்து பார்க்கலாம். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொன்று, மனைவியிடம் சொல்வது. "இதுக்கா இத்தனை நாள் மறைச்சு வச்சீங்க?" என்ற ஒரு வார்த்தையில் பாதி பாரம் இறங்கிவிடும். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-ல் வெளியிட்ட நூலில் விளக்கிய பயிற்சி ஒன்று இன்றும் பயன்படுகிறது. சில வாரங்களுக்கு உறவே வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, தொடுதலோடு மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். விறைப்பு வந்தால் வரட்டும், தளர்ந்தால் தளரட்டும். தளர்ந்தது மறுபடி தானாக எழுவதைச் சில முறை பார்த்துவிட்டால், தன்னையே வேவு பார்க்கும் பழக்கம் மெல்ல விடுபடும். அட்ரினலினும் அடங்கும்.

நடுவில் ஓர் இரவு சறுக்கும். வேலைச் சுமை, இரண்டு பெக் அதிகமாகப் போனது, தூக்கமின்மை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்குப் பதறிப்போய் இரண்டாவது மாத்திரையைப் போடக் கூடாது. 24 மணி நேரத்தில் ஒரு முறைதான். அடுத்த முறை 25 எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போடாமல் பார்க்கலாம். தினமும் டடாலஃபில் 5 மில்லிகிராம் எடுப்பவர் என்றால், டாக்டர் அதை 2.5 ஆக்கிப் பிறகு நிறுத்தச் சொல்லலாம். நிறுத்திய பிறகும் மூன்று நான்கு நாள் மருந்து உடலில் மிச்சமிருக்கும். அதனால் முதல் இரண்டு நாளை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். புராஸ்டேட் வீக்கத்துக்காக இதே மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே குறைக்கக் கூடாது.

எல்லோரும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பல வருடச் சர்க்கரை நோயால் நரம்பும் ரத்தக்குழாயும் பழுதானவர்களுக்கும், புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது மூக்குக் கண்ணாடி மாதிரி. தேவை இருக்கும்வரை போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரையைக் குறைக்கும்போது அதிகாலை விறைப்பும் இல்லை, தனிமையிலும் விறைப்பு சரியாக வருவதில்லை, மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகிறது என்றால், அதை மனப்பயம் என்று தள்ளிவிடக் கூடாது. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் ரத்தக்குழாயைவிடச் சிறியது. அடைப்பின் அறிகுறி சில வருடங்கள் முன்னதாகவே அங்கே தெரியலாம். 40 வயதைத் தாண்டியவர்கள் அப்போது இதயப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

பயந்துபோய் மாத்திரையை விட்டுவிட்டு, 'பக்கவிளைவே இல்லாத மூலிகை' என்று விற்கும் லேகியத்துக்கும் பொடிக்கும் போகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. அப்படிப்பட்ட சரக்குகளில் சில்டெனாஃபிலையே அளவு தெரியாமல் கலந்து விற்றது பல நாட்டுச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுக்கும் ஒருவர், மூலிகைதானே என்று அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள், டடாலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், எதைச் சாப்பிட்டோம் என்பதை வாசலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், உடன் வந்தவர் யாராக இருந்தாலும் சரி.