குழுப் படத்திலிருந்து ஒரு வீரர் அட்டை

கால்பந்துக் குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்பவரை வீடியோ கேம் அட்டையாக்குவதுதான் சிரமம். நெஞ்சுக்குக் கீழே முன்வரிசைத் தலைகள் மறைக்கும். தோளில் பக்கத்து ஆளின் கை கிடக்கும். கையை அழித்து, அந்த இடத்தில் மறுதோளின் துணியை நகலெடுத்துத் திருப்பி ஒட்டுங்கள். உருவத்தை நெஞ்சோடு வெட்டி, வெட்டிய விளிம்பின் மேல் பெயரும் புள்ளிகளும் வரும் பட்டையை வையுங்கள்.

63×88 மில்லிமீட்டர் அட்டை தெளிவாக அச்சாக ஏறத்தாழ 744×1039 பிக்சல் வேண்டும். சிறிய முகத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கும். கிம்ப் மென்பொருளில் Posterize கொடுத்து நிறப்படிகளை ஐந்தாறாகக் குறைத்தால், மங்கல் மறைந்து ஓவியச் சாயல் வரும். கன்னத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் படிகளைக் கூட்டுங்கள்.

வேகம், ஷாட், பாஸ், டிரிப்ளிங், தடுப்பு, உடல்வலு ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் இடுங்கள். கோல்கீப்பருக்கு இந்த ஆறு பொருந்தாது. பாய்ந்து தடுப்பது, பந்தைப் பிடிப்பது என்று மாற்ற வேண்டும்.